தாமதத்திற்கான காரணம்

ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை போனில் லேப்டாப் பேச்சை எடுத்ததும், "வாயால சொன்னதெல்லாம் கேட்டுட்டு வாங்கித் தர முடியாதும்மா. காரணத்தை எழுதி அனுப்பு" என்று சொல்லிவிட்டு போனை அம்மா கையில் கொடுத்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரி ஸ்டோரில் சாமான் கேட்டு வரும் டாக்டர்களிடம் சொல்வதைப் பெற்ற பெண்ணிடமும் சொல்கிறீர்கள். சரி, எழுதுகிறேன்.

இந்தப் பருவத்தில் கோடிங் என்று ஒரு பாடம். கணினிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதற்குப் புரியும் மொழியில் வரிவரியாக எழுதிக் கொடுப்பது. பாதி மதிப்பெண் தேர்வுக்கு, பாதி புராஜெக்டுக்கு. நான்கு பேர் சேர்ந்து, நூலகத்தில் புத்தகம் பதிவு செய்யும் ஒரு செயலியை நவம்பர் 22க்குள் செய்து காட்ட வேண்டும்.

கல்லூரியில் லேப் இருக்கிறதே என்பீர்கள். அங்கே நாற்பத்திரண்டு கணினிகள். பதினொன்றின் நெற்றியில் 'பழுது' என்று காகிதம் ஒட்டியிருக்கிறது. மிச்சம் முப்பத்தொன்றுக்கு நாங்கள் அறுபத்து மூன்று பேர். லேப் நாலரைக்குப் பூட்டப்படும், என் வகுப்புகள் மூன்றேகாலுக்கு முடியும். ஓடிப்போய் இடம் பிடித்தால், இன்னொருத்தியின் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கிடைக்கும்.

இதில் பெரிய கொடுமை, அந்தக் கணினிகளை அணைத்து மீண்டும் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாங்கள் எழுதியது, நிறுவியது, ஒன்றும் மிஞ்சாது. மாணவர்கள் கெடுத்துவிடக் கூடாதென்று அப்படி ஒரு மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பென் டிரைவ் செருகக் கூடாது, வைரஸ் வருமாம். எழுதியதை எனக்கே மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் இணையம் படுத்துவிடும்.

எட்டு ஜிபி மெமரியும் எஸ்.எஸ்.டி. சேமிப்பும் உள்ள சாதாரண லேப்டாப் போதும். புதிதாகத்தான் வேண்டும் என்றில்லை. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்

*

ஆகஸ்ட் 15

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியில் மட்டும் வலிக்கிறது.

கடிதத்தில் சில விஷயங்கள் தெளிவாக இல்லை. லேப் கட்டணம் என்று கல்லூரியில் வாங்கியிருக்கிறார்கள், ரசீது என்னிடம் இருக்கிறது. பதினொன்று பழுதென்றால் யாரிடம் புகார் கொடுத்தீர்கள்? எழுத்தில் கொடுத்தீர்களா? அடுத்தது, போன வருடம்தான் உனக்கு நல்ல செல்போன் வாங்கினோம். அதில் ஏன் இதைச் செய்ய முடியாது?

அணைத்துப் போட்டால் எல்லாம் போய்விடும் என்கிறாய். எங்கே போகிறது? எழுதிய ஒன்று எப்படி இல்லாமல் போகும்? பேரேட்டில் அடித்தால்கூட அடித்த எழுத்து தெரியும். இதை விளக்கமாக எழுது. சேமிப்பது என்றால் என்ன, எதில் சேமிக்கிறது, அதையும் எழுது.

அவசரப்பட வேண்டாம்.

அப்பா

பி.கு: காலையில் ஒழுங்காகச் சாப்பிடு. போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. – அம்மா

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

என் கன்னம் அப்படியேதான் இருக்கிறது அம்மா, போட்டோ எடுத்தவளின் கைதான் சரியில்லை.

அப்பா, புகார் எழுத்தில் கொடுத்தாகிவிட்டது. லேப் அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு, "போன வருஷ செட்டும் இதையேதான் எழுதிக் குடுத்தாங்க" என்று ஒரு கட்டை எடுத்துக் காட்டினார். எங்களுடையது அதன் மேல் போய் உட்கார்ந்தது.

செல்போனில் செய்து பார்த்தேன். நாங்கள் எழுதும் மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு. நான்கு இடம் தள்ளி எழுத வேண்டியதை மூன்று இடம் தள்ளினால் நிரலே ஓடாது. கைபேசியில் பாதித் திரையை எழுத்துப்பலகை மறைத்துக்கொள்ளும், ஏழு வரிதான் கண்ணில் படும். எங்கள் செயலிக்கோ நானூறு வரிக்கு மேல் வரும். தகவல் சேர்த்து வைக்கும் மென்பொருள் ஒன்றும் பக்கத்தில் ஓட வேண்டும், அதைக் கைபேசியில் நிறுவவே முடியவில்லை. இப்போது நோட்டுப்புத்தகத்தில் பேனாவால் நிரல் எழுதி, லேபுக்குப் போய்த் தட்டச்சு செய்கிறேன். நோட்டில் எழுதியது சரியா என்று நோட்டு சொல்லாதே.

எங்கே போகிறது என்று கேட்டீர்கள். உங்கள் ஸ்டோரையே வைத்துக்கொள்ளுங்கள். மெமரி என்பது உங்கள் மேசை. வேலை செய்யும்போது தாள்களை அதில் பரப்பிக்கொள்வீர்கள். மின்சாரம் போனால் மேசை துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். சேமிப்பு என்பது பீரோ. 'சேமி' என்று அழுத்தும்போதுதான் தாள் பீரோவுக்குள் போகிறது. பீரோவில் வைத்தது, மின்சாரம் போனாலும் இருக்கும். எங்கள் லேபில் ஒவ்வொரு முறையும் பீரோவையும் காலி செய்கிறார்கள். அவ்வளவுதான்.

புதன்கிழமை நாலு பத்துக்கு மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. ஒரு மணி நேர வேலை போயே போய்விட்டது. என் பக்கத்தில் இருந்தவள் அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை அப்பா, எரிச்சல்தான் வந்தது.

முடிவைச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

*

செப்டம்பர் 9

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறோம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மேசை, பீரோ விளக்கம் நன்றாகப் புரிந்தது. இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை.

மேலும் சில விவரங்கள் தேவை. ஒருவர் ஓர் எண்ணைத் தவறாகப் பதிந்து, சேமி என்று அழுத்தியும் விட்டார் என்று வைத்துக்கொள். பிறகு அதைத் திருத்த முடியுமா? யார் பதிந்தார், யார் திருத்தினார் என்பது வேறு ஆட்களுக்குத் தெரியுமா? ஒரே பதிவேட்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து எழுதினால் யாருடையது நிற்கும்?

லேப்டாப் விஷயமாக மூன்று கடைகளில் விலைப்பட்டியல் வாங்கி அனுப்பு. ஒப்பிடாமல் எதையும் வாங்குவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

*

செப்டம்பர் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா ஏன் இந்த முறை ஒரு வரிகூட எழுதவில்லை?

நான் லேப்டாப் கேட்கிறேன். நீங்கள் பதிவேட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தமென்று புரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் 'தெளிவாக இல்லை' என்று திரும்பி வரும்.

ஒழுங்காகச் செய்த மென்பொருளில் தவறைத் திருத்தலாம். ஆனால் பழைய எண் அழியாது. இன்னார், இந்த நாள், இந்த மணிக்கு மாற்றினார் என்று உள்ளே பதிவாகும். நாங்கள் நான்கு பேர் ஒரே நிரலில் வேலை செய்வதும் இப்படித்தான். நானும் இன்னொருத்தியும் ஒரே வரியை மாற்றியிருந்தால், 'இரண்டு விதமாக இருக்கிறது, எது வேண்டும்?' என்று கேட்டு நிற்கும். நாங்கள் பேசி ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். தவறு செய்தால் தெரியும் அப்பா. எல்லாருடையதும்தான் தெரியும்.

மூன்று விலைப்பட்டியல்களையும் இணைத்திருக்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், விலை குறைந்ததை வாங்கிவிடாதீர்கள். அதில் மெமரி நான்கு ஜிபிதான், அதையும் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள். பின்னால் கூட்டவே முடியாது. நிரல் எழுதும் மென்பொருளையும் தகவல் மென்பொருளையும் உலாவியையும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும். நடுவில் இருப்பது எட்டு ஜிபி, இன்னொரு எட்டு செருக இடமும் இருக்கிறது. அதுதான் வேண்டும்.

அக்டோபர் 10 அன்று புராஜெக்டின் முதல் பார்வையிடல். புத்தகம் தேடும் பகுதி என் பொறுப்பு. அதற்குள் வந்தால்தான் உண்டு.

உங்கள் மகள்

*

அக்டோபர் 6

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும் பட்டியல்களும் கிடைத்தன. பரிசீலனையில் உள்ளது.

கடவுச்சொல்லை மூன்று முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்கிறதே, அதை யார் திறப்பார்கள்? அந்த ஆளிடம் ஒவ்வொரு முறையும் போய் நிற்காமல் இருக்க வழி உண்டா? இதையும் எழுது.

அப்பா

*

அக்டோபர் 14

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

பத்தாம் தேதி பார்வையிடல் முடிந்தது. மற்ற மூவரின் பகுதிகளும் ஓடின. என்னுடைய தேடும் பகுதி ஓடவில்லை. புத்தகத்தின் பெயரை முழுதாகத் தட்டினால் கண்டுபிடித்தது, பாதிப் பெயரைத் தட்டினால் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றது. ஒரு மாலை முழுதாகக் கிடைத்திருந்தால் சரி செய்திருப்பேன். பேராசிரியை, "வீட்ல உக்காந்து ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்தியாம்மா?" என்று கேட்டார். எதில் ஓட்டிப் பார்ப்பது? நோட்டுப்புத்தகத்திலா?

வெளியே வந்ததும் எங்கள் குழுத்தலைவி, "நீ ரிப்போர்ட்டப் பாத்துக்கோ. கோடிங்க நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அவள் மேல் தப்பில்லை. இனி நான் பக்க எண் போட்டு, அட்டை ஒட்டும் ஆள். அதற்கு மதிப்பெண் சொற்பம். கோடிங் படிக்க வந்துவிட்டு, மற்ற மூன்று பேர் செய்ததற்குப் பசை தடவுகிறேன்.

இரண்டு மாதமாக நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதினேன். மேசை எழுதினேன், பீரோ எழுதினேன். ஒவ்வொரு பதிலுக்கும் இன்னொரு கேள்வி. இது எனக்கு வைக்கும் தேர்வா? வாங்கித் தர முடியாதென்றால் முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால், வேறு வழி பார்த்திருப்பேன். கையுறை கேட்டு வரும் டாக்டர்களும் உங்கள் மேசைக்கு முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார்கள் போலிருக்கிறது.

போன கடிதத்தில் அம்மா கீழே எழுதிய இரண்டு வரிகளை மையால் அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை. அம்மாவைக்கூட எழுத விடமாட்டீர்களா?

இனி இதைப் பற்றி எழுத மாட்டேன். கடவுச்சொல்லை எவரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

மகள்

*

அக்டோபர் 29

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது,

நீ கோபத்தில் சாப்பிடாமல் இருக்கிறாயா என்றுதான் முதல் கவலை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இதில் வார்த்தைகள் தப்பாக இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

ஜூலையிலேயே ஸ்டோரில் பேரேட்டையெல்லாம் கட்டி உள்ளே வைத்துவிட்டார்கள். எல்லாம் கணினிதானாம். இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார்களாம். சொல்லிக் கொடுக்க வந்த பெண் ரயில் வேகத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்பாவுக்கு ஒன்றும் ஏறவில்லை. "மறுபடி கேக்கவா? இருபத்தாறு வருஷமா எல்லாரையும் கேள்வி கேட்டவன், இப்ப அவங்ககிட்டப் போய் நிக்கவா?" என்கிறார். பூட்டிக்கொண்டால் திறந்துவிடச் சொல்லி மாடியில் இருக்கும் கணினிப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவர்கள் இவரைப் பார்த்தாலே சிரிக்கிறார்களாம்.

செப்டம்பரில் பெரிய வம்பாகிவிட்டது. குளுக்கோஸ் ஏற்றும் குழாய் நூற்று இருபது வந்ததாம். இவர் பதிந்ததில் ஆயிரத்து இருநூறு என்று ஆகிவிட்டது. இருப்பு நிறைய இருக்கிறதென்று கணினி புதிதாக வாங்கச் சொல்லவே இல்லை. வார்டில் கேட்டபோது பெட்டி காலி. பக்கத்து ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிச் சமாளித்தார்களாம். நிர்வாக அதிகாரி எல்லார் முன்னாலும், "கண்ணு தெரியலன்னா வீட்ல இருங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பின்னறையில் அட்டைப்பெட்டி எண்ணும் வேலை. நவம்பர் பதினைந்தில் ஒரு தேர்வு வைக்கிறார்கள். தேறினால் பழைய மேசை.

உன் கடிதங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போகிறார். மேசை, பீரோ கடிதம் மடித்து மடித்துக் கிழிந்தே போய்விட்டது. அடித்த வரியில் இதைத்தான் எழுதியிருந்தேன், பார்த்துவிட்டார். நீ கடைசியாக எழுதியதும் அதே பையில்தான் இருக்கிறது. லேப்டாப்புக்கென்று ஒதுக்கிய பணம் அப்படியே இருக்கிறது. ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

அம்மா

*

நவம்பர் 3

அப்பாவுக்கு,

அம்மா எனக்கு எழுதினாள். அவளிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். யாராவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டியதுதான்.

என் கோபம் அப்படியே இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், பதினைந்தாம் தேதி தேர்வு என்பதால் முதலில் இதைப் படியுங்கள்.

நூற்று இருபது ஆயிரத்து இருநூறு ஆனது கண் தெரியாததால் இருக்காது என்று நினைக்கிறேன். சரியாகப் பத்து மடங்கு. விரல் தவறிப் பூஜ்யம் சேர்ந்திருக்கலாம், ஆனால் நீங்கள் எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடமாட்டீர்கள். அந்தக் குழாய் பெட்டிக்குப் பத்து வருமா? வருமென்றால், எண்ணிக்கைக்குப் பக்கத்தில் 'அளவு' என்றோ 'அலகு' என்றோ ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் 'பெட்டி' என்று முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள். நீங்கள் நூற்று இருபது குழாய் என்று நினைத்துப் போட்டிருப்பீர்கள். அது நூற்று இருபது பெட்டி என்று எடுத்துக்கொண்டு பத்தால் பெருக்கியிருக்கும். அப்படியானால் அது மென்பொருளை அமைத்தவரின் கவனக்குறைவு, யார் உட்கார்ந்தாலும் சறுக்கும். நான் பார்க்காமல் சொல்கிறேன், தவறாகவும் இருக்கலாம். அந்தப் பொருளின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்படித்தான் இருந்தால் எழுத்தில் கொடுங்கள், அது உங்களுக்குக் கைவந்த கலை.

தேர்வில் எதைப் பதிந்தாலும் முதலில் பொருள், பிறகு அலகு, பிறகு எண். அலகைப் பார்க்காமல் எண்ணைத் தொடாதீர்கள். சேமித்ததும் இருப்புப் பக்கத்துக்குப் போய், பழைய இருப்போடு வந்ததைக் கூட்டினால் புதிய இருப்பு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

கடவுச்சொல்: கேப்ஸ் லாக் என்று எழுதிய பெரிய எழுத்துப் பொத்தானின் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் சரியாகத் தட்டினாலும் தவறு என்றுதான் சொல்லும். இரண்டு முறை தவறினால் மூன்றாவது முறை உடனே தட்டாதீர்கள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, எழுத்து எழுத்தாகத் தட்டுங்கள்.

மகள்

*

நவம்பர் 24

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் உடல்நலம் பற்றி அம்மா தினமும் கேட்கிறாள், அதனால் அதை எழுது.

அலகுதான். நீ சொன்ன கட்டம் திரையின் வலது ஓரத்தில், வெளிறிய எழுத்தில் இருந்தது. 'பெட்டி' என்று இருந்தது. எழுதிக் கொடுத்தேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெண்ணே மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தேடிப் பார்த்ததில் இன்னும் பதினேழு பொருள்களில் இதே தவறு, அவற்றை நான் பதியவில்லை. "சார், இத நாங்களே கவனிக்கலையே" என்றாள். நிர்வாக அதிகாரி வாயிலிருந்து வருத்தமாக ஒரு வார்த்தை வரும் என்று இரண்டு நாள் பார்த்தேன், வரவில்லை.

தேர்வில் அறுபதுக்கு நாற்பத்தொன்று. தேறுவதற்கு நாற்பது. பழைய மேசைக்கு வந்துவிட்டேன்.

லேப்டாப் வாங்கி நேற்று பார்சலில் அனுப்பினேன். நடுவில் இருந்ததைத்தான். கடைக்காரர் விலை குறைந்ததைத் தூக்கி வைத்தார். "மெமரிய பலகையோட பத்த வெச்சிருக்கா?" என்று கேட்டேன். அவர் உள்ளே போய் வேறொருவரைக் கூட்டி வந்தார்.

இனி எழுத வேண்டியது ஒன்று பாக்கி. நீ முதல் கடிதத்தில் எழுதிய காரணமே போதுமானதாக இருந்தது. அன்றே வாங்கியிருக்கலாம். பணமும் இருந்தது. நான் கேட்ட கேள்விகள் உனக்காகக் கேட்டவை அல்ல. நீ பதில் எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. லேப்டாப்பை வாங்கிக் கொடுத்துவிட்டால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய், அப்புறம் யாரிடம் கேட்பது என்று பயந்தேன். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியை வைத்து இழுத்தேன். உன் பாடம் கெடும் என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தும் செய்தேன்.

தாமதத்துக்குக் காரணம் நான்தான்.

அப்பா

*

டிசம்பர் 5

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். சாப்பிடுகிறேன் அம்மா, கன்னமும் இருக்கிறது.

லேப்டாப் இருபத்தேழாம் தேதி வந்தது. உறையோடு, அட்டைப்பெட்டியோடு, ஒரு கீறல் இல்லாமல். புராஜெக்டை இருபத்திரண்டாம் தேதியே கொடுத்து முடித்துவிட்டார்கள். ரிப்போர்ட் செய்தவளுக்கு என்ன கிடைக்குமோ அது எனக்குக் கிடைத்தது. எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்தும் மொத்தத்தில் தேறுவதற்கு நான்கு மதிப்பெண் குறைந்தது. இந்தப் பாடத்தை அடுத்த வருடம் மறுபடி எடுக்க வேண்டும். ஜூனியர்களோடு உட்கார வேண்டும். பேராசிரியையிடம் போய்க் கேட்டுப் பார்த்தேன். "காரணம் நியாயமானதுதாம்மா, ஆனா தேதி முடிஞ்சுபோச்சே" என்றார்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் இரண்டு முறை கிழித்துப் போடலாம் என்றுதான் தோன்றியது. ஒரு போன் செய்து, "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியலம்மா, சொல்லிக் குடு" என்று சொல்லியிருந்தால், லேபிலிருந்து வந்த கையோடு தினமும் சொல்லிக் கொடுத்திருப்பேன். உங்களுக்கு ஐம்பதாவது வந்திருக்கும். எனக்கும் அந்த நான்கு வந்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

தேடும் பகுதியை மட்டும் நேற்று உட்கார்ந்து எழுதினேன். எந்த மதிப்பெண்ணும் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. பாதிப் பெயரைத் தட்டினேன். மூன்று புத்தகங்களைக் காட்டியது. பிழை ஒரே ஒரு குறியில்தான் இருந்தது அப்பா. ஒரு மாலை வேலைகூட இல்லை, இருபது நிமிடம்.

இனி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கேளுங்கள். எனக்கு வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம். சும்மாவே கேளுங்கள். நான் பதில் எழுதுவேன்.

கோபம் தீர இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதற்குள் அடுத்த கேள்வியை அனுப்புங்கள்.

உங்கள் மகள்